டிசம்பரில் வரும் நன்றிக் கடிதமும் புதுப்பிப்புச் சலுகையும்

மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் வணிக வாடிக்கையாளர்களுக்கு ஆண்டிறுதியில் அனுப்பும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும். முதல் பத்தி நன்றி சொல்லும். இரண்டாவது பத்தி அந்த ஆண்டில் சேர்க்கப்பட்ட புதிய வசதிகளைப் பட்டியலிடும். மூன்றாவது பத்தியில்தான் விஷயம் இருக்கும்: புத்தாண்டு முதல் விலை மாறுகிறது, டிசம்பர் 31-க்குள் புதுப்பித்தால் இத்தனை சதவீதம் தள்ளுபடி, மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் இன்னும் கூடுதல் தள்ளுபடி. அதன்கீழே ஒரு பொத்தான். எல்லாவற்றுக்கும் கீழே, சிறிய எழுத்தில், நிபந்தனைகள்.

இந்த மின்னஞ்சலைப் பெறுபவர் பெரும்பாலும் நிறுவனத்தின் கணக்காளராகவோ, நிர்வாக மேலாளராகவோ, கணினிப் பொறுப்பாளராகவோ இருப்பார். அவர் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சலுகையை ஏற்பதா, வேண்டாமா? தள்ளுபடிச் சதவீதத்தை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. அந்தச் சதவீதம் எந்த விலையின் மேல் கணக்கிடப்படுகிறது, எத்தனை பயனர்களுக்கு, எந்தத் தேதியிலிருந்து என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் சலுகையின் உண்மையான மதிப்பு தெரியும்.

சலுகை ஏன் ஆண்டிறுதியில் வருகிறது

ஒரு காலத்தில் மென்பொருளை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் அது வாங்கியவருக்கே நிலைத்தது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த முறை பெருமளவு மாறிவிட்டது. வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் மென்பொருள்களைத் தயாரிக்கும் அடோபி 2013-இல் சந்தா முறைக்கு மாறியது. பொறியியல் வரைபட மென்பொருள்களை விற்கும் ஆட்டோடெஸ்க் 2016-இல் நிரந்தர உரிமங்களைப் புதிதாக விற்பதை நிறுத்தியது. சர்வர்களை நிர்வகிக்கும் வி.எம்.வேர் மென்பொருளும், அந்த நிறுவனத்தை பிராட்காம் வாங்கிய சில வாரங்களில், 2023 டிசம்பரில் அதே வழியில் சென்றது.

சந்தா முறையில் விற்பவரின் வருமானம் புதுப்பிப்பை நம்பியே இருக்கிறது. நூறு வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் தொடர்கிறார்கள் என்பதே அந்த நிறுவனத்தின் நிலையை அளக்கும் முக்கிய எண். மூன்று ஆண்டுப் பணம் முன்கூட்டியே வந்தால், கணக்கியல் விதிப்படி அதை அந்த ஆண்டின் வருமானமாகக் காட்ட முடியாது. சேவை வழங்கப்படும் காலம் முழுவதற்கும் பிரித்தே காட்ட வேண்டும். ஆனால் பணம் கைக்கு வந்துவிடும். வாடிக்கையாளர் மூன்று ஆண்டுக்கு வேறிடம் போகமாட்டார். விற்பனையாளரின் இலக்கும் நிறைவேறும். தள்ளுபடி கொடுக்கும் மனம் இதனால்தான் வருகிறது.

டிசம்பர் என்ற மாதம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே பொருள் உடையதல்ல. எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் கணக்கு ஆண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்துக்கு ஜனவரி 31, ஆரக்கிளுக்கு மே 31, மைக்ரோசாஃப்டுக்கு ஜூன் 30. பெரும்பாலான இந்திய நிறுவனங்களுக்கு மார்ச் 31. விற்பவரின் கணக்கு ஆண்டு எப்போது முடிகிறதோ, அந்தக் கடைசி வாரங்களில்தான் பேரம் பேச இடம் அதிகம். மார்ச்சில் கணக்கு முடிக்கும் ஓர் இந்திய நிறுவனம் டிசம்பரில் “இதுவே கடைசி வாய்ப்பு” என்று எழுதினாலும், மார்ச்சிலும் அதன் விற்பனையாளர்கள் வாடிக்கையாளரைத் தேடுவார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக அமைத்த எடுத்துக்காட்டு. ஆர்டர், இருப்பு, பில் ஆகியவற்றைக் கவனிக்கும் இணைய மென்பொருள் ஒன்றுக்கு அந்த நிறுவனம் 40 பயனர் உரிமங்கள் வைத்திருக்கிறது. ஓர் உரிமத்துக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் வீதம் மொத்தம் 3,60,000 ரூபாய். சந்தா மார்ச் 31 வரை செல்லும். டிசம்பர் 10-ஆம் தேதி நன்றி மின்னஞ்சல் வருகிறது. ஜனவரி 1 முதல் ஓர் உரிமத்தின் விலை 10,000 ரூபாய். டிசம்பர் 31-க்குள் ஓராண்டுக்குப் புதுப்பித்தால் 15 சதவீதம் தள்ளுபடி. மூன்று ஆண்டுப் பணத்தையும் முன்கூட்டியே செலுத்தினால் 25 சதவீதம் தள்ளுபடி.

முதலில் பார்க்க வேண்டியது அடிப்படை விலை. 15 சதவீதம் கழிக்கப்படுவது புதிய விலையான 10,000 ரூபாயிலிருந்து. ஆகவே புதுப்பிப்பு விலை 8,500 ரூபாய். நிறுவனம் இப்போது கொடுப்பது 9,000 ரூபாய். உண்மையில் குறைவது ஓர் உரிமத்துக்கு 500 ரூபாய், அதாவது ஐந்தரைச் சதவீதத்துக்குச் சற்று அதிகம். மின்னஞ்சலில் உள்ள 15 என்ற எண் பொய்யில்லை. ஆனால் அது இன்னும் யாரும் கொடுக்காத ஒரு விலையுடன் ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது. சென்ற ஆண்டின் இன்வாய்ஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது தொடங்கும் தேதி. டிசம்பரில் பணம் கட்டினால் புதிய சந்தா எந்த நாளிலிருந்து தொடங்கும்? ஏப்ரல் 1 முதல் என்றால் சிக்கல் இல்லை. ஜனவரி 1 முதல் என்றால், ஏற்கெனவே பணம் கட்டிய மூன்று மாதங்கள் வீணாகும். அதன் மதிப்பு 90,000 ரூபாய். 40 உரிமங்களுக்கு 15 சதவீதத் தள்ளுபடியால் மிஞ்சுவது 60,000 ரூபாய்தான். தேதியைக் கவனிக்காமல் ஒப்புக்கொண்டால் சலுகையே நட்டமாகிவிடும். “புதிய காலம் நடப்புச் சந்தா முடிந்த மறுநாள் தொடங்கும்” என்ற வரி கொட்டேஷனில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

உரிமங்களின் எண்ணிக்கை

மின்னஞ்சலில் வரும் தொகை பழைய எண்ணிக்கையை வைத்தே கணக்கிடப்பட்டிருக்கும். வேலையை விட்டுப் போனவர், வேறு பிரிவுக்கு மாறியவர், பயிற்சிக்காக ஒருமுறை மட்டும் உள்ளே வந்தவர் எல்லாருக்கும் உரிமம் தொடர்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான இணைய மென்பொருள்களின் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு பயனரும் கடைசியாக எந்தத் தேதியில் உள்நுழைந்தார் என்ற விவரம் கிடைக்கும். கடைசி 90 நாட்களில் ஒருமுறைகூட உள்நுழையாதவர்களைப் பிரித்தெடுத்து, அந்தந்தப் பிரிவின் மேலாளரிடம் கேட்டுவிட்டுப் பட்டியலைச் சுருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, கணக்கு முடிப்பின்போதோ தணிக்கையின்போதோ மட்டும் உள்ளே வருபவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் நீக்கினால் மார்ச்சில் வேலை தடைபடும்.

கோவை நிறுவனத்தில் இப்படிப் பார்த்ததில் 31 பேர் உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேரப் போகும் இருவரையும் கூட்டினால் தேவை 33. தள்ளுபடியே இல்லாமல் 10,000 ரூபாய்க்கு 33 உரிமம் வாங்கினால் 3,30,000 ரூபாய். தள்ளுபடி விலையில் 40 உரிமம் வாங்கினால் 3,40,000 ரூபாய். பயன்படாத ஏழு உரிமங்களை நீக்குவது 15 சதவீதத் தள்ளுபடியைவிட அதிகப் பணத்தை மிச்சப்படுத்துகிறது. இரண்டும் சேர்ந்தால் செலவு 2,80,500 ரூபாயாகக் குறையும்.

இங்கே ஒரு தடை வரலாம். தள்ளுபடி “நடப்பு எண்ணிக்கைக்குக் குறையாமல் புதுப்பிப்பவர்களுக்கு மட்டும்” என்று நிபந்தனையில் இருக்கக்கூடும். அப்படியிருந்தாலும் விலைப்பட்டியல் விலையில் 33 வாங்குவது மேல் என்பதை மேலே கண்ட கணக்கு காட்டுகிறது. சந்தாக் காலத்தின் நடுவில் உரிமங்களைக் கூட்டுவதற்கு விற்பவர்கள் எப்போதும் இடம் தருவார்கள். குறைப்பதற்குப் பெரும்பாலும் புதுப்பிப்பு நேரத்தில் மட்டுமே இடம் உண்டு. எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டிய காலம் இதுதான்.

மூன்று ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டுவது

25 சதவீதத் தள்ளுபடியில் ஓர் உரிமத்தின் விலை ஆண்டுக்கு 7,500 ரூபாய். 33 உரிமங்களுக்கு மூன்று ஆண்டுக்கு 7,42,500 ரூபாயை இப்போதே கட்ட வேண்டும். இதை ஆண்டுதோறும் கட்டும் முறையோடு ஒப்பிட, பின்வரும் ஆண்டுகளில் விலை என்னவாகும் என்று ஓர் ஊகம் தேவை. முதல் ஆண்டு 8,500 ரூபாய். தள்ளுபடி ஓராண்டுக்கு மட்டும் என்பதால் இரண்டாம் ஆண்டு 10,000 ரூபாய். மூன்றாம் ஆண்டு 7 சதவீதம் உயர்ந்து 10,700 ரூபாய். 33 உரிமங்களுக்கு மூன்று ஆண்டு மொத்தம் 9,63,600 ரூபாய்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2,21,100 ரூபாய் என்று எடுத்துக்கொள்வது சரியாகாது. இன்று கொடுக்கும் ரூபாயும் இரண்டு ஆண்டு கழித்துக் கொடுக்கும் ரூபாயும் ஒன்றல்ல. நிறுவனம் வங்கியில் 12 சதவீத வட்டிக்கு நடைமுறை மூலதனக் கடன் வாங்கியிருந்தால், பின்னால் கொடுக்க வேண்டிய பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் ஆண்டுத் தொகையை 1.12-ஆலும், மூன்றாம் ஆண்டுத் தொகையை 1.12-இன் வர்க்கமான 1.2544-ஆலும் வகுக்கவேண்டும். அப்போது ஆண்டுதோறும் கட்டுவதன் இன்றைய மதிப்பு சுமார் 8,56,600 ரூபாய். முன்கூட்டிக் கட்டுவதில் இலாபம் சுமார் 1,14,000 ரூபாய். பாதியாகக் குறைந்தாலும் இலாபம் இருக்கவே செய்கிறது.

இந்த இலாபம் ஒரு நிபந்தனையைச் சார்ந்தது: மூன்று ஆண்டும் 33 உரிமங்கள் தேவைப்பட வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு பிரிவு மூடப்பட்டு, தேவை 25 ஆகக் குறைந்தால் என்ன ஆகும்? ஆண்டுதோறும் கட்டுபவர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். அவருடைய மூன்று ஆண்டுச் செலவின் இன்றைய மதிப்பு சுமார் 7,17,000 ரூபாய்தான். முன்கூட்டிக் கட்டியவர் 7,42,500 ரூபாயைக் கொடுத்து முடித்துவிட்டார். இலாபம் நட்டமாகிவிட்டது. ஆகவே மூன்று ஆண்டுச் சலுகையைப் பற்றிய முடிவு, அடுத்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் இந்த மென்பொருளில் வேலை செய்வார்கள் என்ற மதிப்பீட்டில் இருக்கிறது. அந்த மதிப்பீட்டைச் செய்யக்கூடியவர் நிறுவன நிர்வாகி. விற்பவரால் அது முடியாது.

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு பணத்தை ஆண்டுதோறும் கட்டும் முறையைப் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. தள்ளுபடி சற்றுக் குறையும். விலை உயர்விலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் எண்ணிக்கையைக் குறைக்க முடியாத நிலை இதிலும் தொடரும் என்பதை மறக்கக் கூடாது.

வரி

மென்பொருள் சந்தாவுக்கு இந்தியாவில் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. மின்னஞ்சலில் காட்டப்படும் விலை பெரும்பாலும் வரி சேராதது. கோவை நிறுவனம் ஓராண்டுக்கு 2,80,500 ரூபாய்க்குப் புதுப்பித்தால் வரி 50,490 ரூபாய். மூன்று ஆண்டுக்கு முன்கூட்டிக் கட்டினால் வரி மட்டும் 1,33,650 ரூபாய். வரிக்கு உட்பட்ட பொருள்களை விற்கும் பதிவுபெற்ற நிறுவனம் இதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், விலை ஒப்பீட்டில் வரியைச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு இன்வாய்ஸில் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருக்க வேண்டும். விற்பவர் அதைத் தம் கணக்கில் தாக்கல் செய்து, வாங்குபவரின் GSTR-2B அறிக்கையில் அது வந்திருக்கவும் வேண்டும். பொத்தானை அழுத்தி அட்டையில் பணம் கட்டும்போது இந்த எண்ணைப் பதிவு செய்யாமல் விடுவது பரவலாக நடக்கும் பிழை.

வரிவிலக்குப் பெற்ற சேவைகளை மட்டும் வழங்கும் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் இந்த வரவு கிடைக்காது. அவர்களுக்கு 18 சதவீதமும் செலவுதான். ஆகவே ஒப்பீட்டில் வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தத் தேதி உண்மையான கெடு

மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் இருக்கும் தேதி டிசம்பர் 31. வாங்குபவருக்கு அதைவிட முக்கியமான இன்னொரு தேதி பழைய ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. பல ஒப்பந்தங்களில் தானாகப் புதுப்பிக்கும் பிரிவு ஒன்று உண்டு. சந்தா முடிவதற்கு 30, 60 அல்லது 90 நாட்களுக்கு முன் வாடிக்கையாளர் எழுத்தில் மறுக்காவிட்டால், அதே எண்ணிக்கைக்கு, அப்போதைய விலையில் அது தொடரும் என்பது அதன் பொருள். கோவை நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் 60 நாள் என்று இருந்தால், மார்ச் 31-இலிருந்து பின்னோக்கி எண்ணும்போது அந்தக் கெடு ஜனவரி 30. சலுகையை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என இருப்பவர், அந்த நாள் கடந்ததும் 40 உரிமங்களுக்குப் புதிய விலையில் 4,00,000 ரூபாய் கட்ட வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார்.

எனவே சலுகையை ஏற்காவிட்டாலும் ஒரு பதில் அனுப்பியே ஆக வேண்டும். “தானியங்கிப் புதுப்பிப்பு வேண்டாம், எண்ணிக்கையைப் பிறகு தெரிவிப்போம்” என்று ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட முகவரிக்கு அனுப்பி, கிடைத்ததற்கான பதிலையும் பெற்று வைக்க வேண்டும்.

சந்தா முடிந்த பின் என்ன நிற்கும் என்பதும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். டாலி பிரைம் போன்ற நிரந்தர உரிமத்தில் ஆண்டுச் சேவைக் கட்டணத்தைப் புதுப்பிக்காவிட்டாலும் மென்பொருள் தொடர்ந்து இயங்கும். புதிய பதிப்புகளும் இணையம் சார்ந்த வசதிகளும்தான் நிற்கும். முழுக்க இணையத்தில் இயங்கும் சந்தா மென்பொருளில் உள்நுழைவே அடைபடும். சேமித்த தரவை எடுத்துக்கொள்ள ஒரு குறிப்பிட்ட காலம் மட்டும் தரப்படும். அது எத்தனை நாள், எந்த வடிவத்தில் கோப்புகள் கிடைக்கும் என்பதைப் புதுப்பிப்புக்கு முன்பே தெரிந்துகொண்டால்தான், வேறு மென்பொருளுக்கு மாறவும் முடியும் என்ற நிலையில் பேரம் பேச முடியும்.

போலி மின்னஞ்சல்

டிசம்பரில் உண்மையான புதுப்பிப்பு மின்னஞ்சல்கள் ஏராளமாக வருவதால், மோசடிக்காரர்களும் அதே அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். நன்றி, சலுகை, நெருங்கும் கெடு, ஒரு பொத்தான் என எல்லாமே ஒன்றுபோல் இருக்கும். அனுப்பியவரின் பெயரைப் பார்த்தால் போதாது. முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ள பகுதியைப் பழைய இன்வாய்ஸ் வந்த முகவரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். ஜிமெயிலில் Show original என்பதைத் திறந்தால் SPF, DKIM, DMARC என்ற மூன்று சோதனைகளின் முடிவு தெரியும். அவற்றில் FAIL என்றிருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் PASS என்றிருப்பது, அந்த முகவரியின் உரிமையாளர்தான் அனுப்பினார் என்பதை மட்டுமே காட்டும். ஓர் எழுத்து மாற்றிப் போலியாகப் பதிவு செய்த முகவரியிலிருந்து வந்தாலும் PASS என்றே வரும்.

இதற்கு உறுதியான வழி, மின்னஞ்சலில் உள்ள பொத்தானைத் தொடாமல், வழக்கமாகப் பயன்படுத்தும் முகவரியைத் தட்டி மென்பொருளின் கணக்குப் பக்கத்துக்குள் நுழைந்து பார்ப்பது. உண்மையான சலுகை அங்கேயும் இருக்கும், அல்லது கணக்கு மேலாளரிடம் கேட்டால் உறுதியாகும். “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்ற வரி இருந்தால், பழைய இன்வாய்ஸில் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் செய்ய வேண்டும். தாமதமின்றிச் சொன்னால் பணம் கைமாறுவதை வங்கிகள் வழியே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

பதிலில் இருக்க வேண்டியவை

சலுகை மின்னஞ்சல் ஒப்பந்தம் ஆகாது. அது பேச்சின் தொடக்கம். கோவை நிறுவனம் அனுப்பத்தக்க பதில் இப்படி அமையலாம்:

“தங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி. 33 உரிமங்களுக்கு ஓராண்டுப் புதுப்பிப்பைப் பரிசீலிக்கிறோம். புதிய காலம் ஏப்ரல் 1 முதல் தொடங்குவதாகவும், உரிமம் ஒன்றின் விலை 8,500 ரூபாய் என்றும் குறிப்பிட்ட கொட்டேஷனை அனுப்பவும். அடுத்த ஆண்டின் புதுப்பிப்பு விலை இந்த 8,500 ரூபாயின் மேல் 7 சதவீதத்துக்கு மிகாது என்பதை அதில் சேர்க்கவும். தானியங்கிப் புதுப்பிப்பை நீக்கவும். எங்கள் ஜி.எஸ்.டி. எண்ணையும் முகவரியையும் இத்துடன் இணைத்துள்ளோம்.”

இதில் மூன்றாவது கோரிக்கை மற்றவற்றைவிட மதிப்பு மிக்கது. உயர்வுக்கு உச்சவரம்பு இருந்தாலும், அது விலைப்பட்டியல் விலையின் மேல் என்றால் அடுத்த ஆண்டு விலை 10,700 ரூபாய் வரை போகலாம். தள்ளுபடி விலையின் மேல் என்றால் 9,095 ரூபாயைத் தாண்டாது. 33 உரிமங்களுக்கு ஆண்டுக்கு 52,965 ரூபாய் வேறுபாடு. மின்னஞ்சலில் உள்ள தள்ளுபடி ஓராண்டோடு முடிந்துவிடும். இந்த வரியின் பலன் அடுத்த ஆண்டுக்கும் செல்லும்.

விற்பவர் எல்லாவற்றையும் ஏற்பார் என்று சொல்ல முடியாது. பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் சிறு வாடிக்கையாளர்களுக்காக நிபந்தனைகளை மாற்றுவது அரிது. உள்ளூர் நிறுவனங்களிடமும் முகவர்கள் வழியே வாங்கும்போதும் இடம் அதிகம். தொலைபேசியில் ஒப்புக்கொண்டது கொட்டேஷனில் இல்லையென்றால் அது இல்லாததற்குச் சமம். ஒப்புக்கொண்ட கொட்டேஷன், இன்வாய்ஸ், பழைய ஒப்பந்தம் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து, அடுத்த தானியங்கிப் புதுப்பிப்புக் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டும்படி நாட்காட்டியில் குறித்துவிட்டால், அந்த ஆண்டின் புதுப்பிப்பு வேலை முடிந்தது.